டெல்டா ரோபோவில் அரை டிகிரியைத் தேடுவது எப்படி?

பிஸ்கட் பாக்கெட் அடுக்கும் லைனில் டெல்டா ரோபோவைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இது: "வலப்பக்கம் எடுக்கும்போது சக்‌ஷன் கப் பாக்கெட்டை நசுக்குகிறது. இடப்பக்கம் வைக்கும்போது ட்ரேயைத் தொடும் முன்பே விட்டுவிடுகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

"எடுக்கும் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன் சார், வைக்கும் உயரத்தை இறக்குவேன்" என்பதுதான் பெரும்பாலோர் பதில். லைன் அன்றைக்கு ஓடிவிடும் என்பதால் அந்தப் பதிலை முழுத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் அபூர்வமாக ஒருவர், "தட்டு சாய்ந்திருக்கிறதா, மட்டமாகத்தான் இருக்கிறதா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். அவருக்கு இந்த இயந்திரம் எப்படி நகர்கிறது என்பது புரிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதை, வேலைக்குப் போகிறவர் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று கை, ஒரு தட்டு

மேலே ஒரு சட்டகம். அதில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று மோட்டார்கள். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் ஒரு மேல்கை வெளிப்பக்கமாக நீள்கிறது. மேல்கையின் நுனியிலிருந்து இரண்டு மெல்லிய கார்பன் ஃபைபர் தண்டுகள் பக்கம் பக்கமாகக் கீழே இறங்கி, நடுவிலுள்ள சிறிய தட்டைப் பிடிக்கின்றன. ஆக மொத்தம் ஆறு தண்டுகள். அவற்றின் இரு முனைகளிலும் பந்து மூட்டுகள். தட்டின் அடியில் சக்‌ஷன் கப்.

சாதாரண ரோபோக் கையில் தோள் மோட்டார் முழங்கை மோட்டாரைச் சுமக்கிறது, முழங்கை மோட்டார் மணிக்கட்டு மோட்டாரைச் சுமக்கிறது. முப்பது கிராம் பாக்கெட்டை எடுக்கப் பல கிலோ எடை முன்னும் பின்னும் ஆட வேண்டியிருக்கும். டெல்டாவில் மூன்று மோட்டார்களும் சட்டகத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆடுவதெல்லாம் மேல்கைகளும் தண்டுகளும் தட்டும்தான். மூன்று கைகளும் ஒரே தட்டை ஒரே நேரத்தில் பிடித்திருப்பதால் இதை இணை இயக்க அமைப்பு என்கிறோம்.

ஒவ்வொரு கைக்கும் ஏன் இரண்டு தண்டு என்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. மேல்கையின் நுனியும் இரண்டு தண்டுகளும் தட்டின் விளிம்பும் சேர்ந்து ஓர் இணைகரம் ஆகின்றன. பள்ளியில் வரைந்த அதே இணைகரம்தான். எதிர்ப் பக்கங்கள் சம நீளமாக இருக்கும்வரை அதை எப்படிச் சரித்தாலும் கீழ்ப் பக்கம் மேல் பக்கத்துக்கு இணையாகவே நிற்கும். மூன்று திசையிலும் இப்படி மூன்று இணைகரங்கள் பிடித்திருப்பதால் தட்டு எந்தப் பக்கமும் சாய முடியாது, திரும்பவும் முடியாது. முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நகர மட்டுமே அதற்கு வழி உண்டு. பாக்கெட்டைத் திருப்பி வைக்க வேண்டுமானால் நடுவில் நான்காவது மோட்டாரிலிருந்து ஒரு நீளும் தண்டு தனியாக இறங்கும்.

இந்த அமைப்பை 1980-களில் உருவாக்கியவர் ரேமோன் கிளாவெல். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சாக்லெட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலையைப் பார்த்ததிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். அமெரிக்கக் காப்புரிமை 1990-இல் கிடைத்தது. அதன் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் இதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின. அதனால் எந்த நிறுவனத்தின் இயந்திரம் உங்கள் கைக்கு வந்தாலும், கீழே வரும் கணக்கு அதற்கும் பொருந்தும்.

ஒரு கையின் கணக்கு

தட்டு இங்கே வர வேண்டும் என்றால் மோட்டார் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும்? இதை இன்வெர்ஸ் கைனமேட்டிக்ஸ் என்பார்கள். பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். டெல்டாவில் ஒவ்வொரு கையையும் தனித்தனியாகக் கணக்கிடலாம், மற்ற இரண்டைப் பற்றிக் கவலையில்லை. தட்டின் இடம் தெரிந்துவிட்டால் தண்டு தட்டில் சேரும் புள்ளியும் தெரிந்துவிடும். மேல்கையின் நுனி ஒரு வட்டத்தில்தான் சுற்ற முடியும். அந்த வட்டத்தில் எந்தப் புள்ளி தட்டின் புள்ளியிலிருந்து சரியாகத் தண்டின் நீளம் தள்ளி இருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. இரண்டு விடை வரும். முழங்கை வெளிப்பக்கம் நிற்கும் விடையை எடுத்துக்கொள்கிறோம்.

கையால் போட்டுப் பார்க்க வசதியாக ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து மோட்டார் அச்சு 200 மி.மீ., தட்டின் நடுவிலிருந்து தண்டு சேருமிடம் 50 மி.மீ., மேல்கை 300 மி.மீ., தண்டு 800 மி.மீ. மோட்டார் அச்சுகளிலிருந்து தட்டு 800 மி.மீ. கீழே வேலை செய்கிறது. 1-ஆம் மோட்டார் வலப்பக்கம், அதாவது x நேர்த்திசையில் இருக்கிறது. மேல்கை கிடைமட்டத்திலிருந்து கீழே எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதுதான் விடை.

```python
from math import *
R, r, L, l = 200, 50, 300, 800

def arm(x, y, h, deg):
    p = radians(deg)
    a = x*cos(p) + y*sin(p) - (R - r)
    b = -x*sin(p) + y*cos(p)
    K = (a*a + b*b + h*h + L*L - l*l) / (2*L)
    return degrees(atan2(h, a) - acos(K / hypot(a, h)))

for d in (0, 120, 240):
    print(round(arm(150, 0, 800, d), 1))
```

தட்டு நடுவில் நிற்கும்போது மூன்று கைகளும் 23.9 டிகிரி. வலப்பக்கம் 150 மி.மீ. போனால் 1-ஆம் கை 10.8 டிகிரிக்கு ஏறுகிறது, மற்ற இரண்டும் 34.1 டிகிரிக்கு இறங்குகின்றன. இடப்பக்கம் 150 மி.மீ. போனால் 1-ஆம் கை 41.1, மற்றவை 18.9. எட்டாத இடத்தைக் கொடுத்தால் பைதான் `ValueError` என்று நின்றுவிடும். அந்த இடத்துக்குத் தண்டு நீளம் போதாது என்று அர்த்தம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வலமிருந்து இடம் 300 மி.மீ. போக 1-ஆம் மோட்டார் 30 டிகிரி திரும்புகிறது, மற்ற இரண்டும் சுமார் 15 டிகிரிதான் திரும்புகின்றன. அந்த 30 டிகிரியும் சமமாகப் பிரியவில்லை. முதல் பாதிக்கு 13, இரண்டாவது பாதிக்கு 17. மூன்று மோட்டார்களையும் சீரான வேகத்தில் திருப்பினால் தட்டு நேர்கோட்டில் போகாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அதனால்தான் கன்ட்ரோலர் இந்தக் கணக்கைச் சில மில்லி நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கொடுத்த அளவுகளில் ஒன்று பொய்யானாலும், கன்ட்ரோலர் பிழையில்லாமல் கணக்குப் போட்டுத் தவறான இடத்துக்குப் போகும். திரையில் எந்த அலாரமும் வராது.

அரை டிகிரி பொய் சொன்னால்

நான் பார்த்த ஒரு லைனில் நடந்தது இது. எடுக்கும் கன்வேயர் வலப்பக்கம், ட்ரே கன்வேயர் இடப்பக்கம். பகல் ஷிஃப்டில் உயரத்தை ஒரு மி.மீ. ஏற்றுவார்கள், இரவு ஷிஃப்டில் அதையே இறக்குவார்கள். இரண்டு ஷிஃப்டும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருந்தன. சில வாரங்களுக்கு முன்பு 1-ஆம் மோட்டாரை மாற்றியிருந்தார்கள் என்பது பேச்சோடு பேச்சாகத்தான் வெளியே வந்தது. புது மோட்டாருக்கு ஜீரோ கோணத்தைக் கண்ணால் பார்த்து வைத்திருந்தார்கள்.

மேல்கை உண்மையில் நிற்கும் இடம், கன்ட்ரோலர் நினைக்கும் இடத்தைவிட அரை டிகிரி கீழே என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அளவுகளை வைத்து என்ன ஆகும் என்று பார்க்கலாம். நடுவில் தட்டு 1-ஆம் மோட்டாரை விட்டு 3.3 மி.மீ. தள்ளிப் போகும், 1 மி.மீ. கீழே இறங்கும். வலப்பக்கம் 150-இல் 2.9 மி.மீ. தள்ளும், 1.6 மி.மீ. இறங்கும். இடப்பக்கம் 150-இல் 3.6 மி.மீ. தள்ளும், 0.3 மி.மீ. மட்டும் இறங்கும்.

பக்கவாட்டில் தள்ளும் சுமார் 3 மி.மீ.யைக் கேமராவையும் ரோபோவையும் பொருத்தும்போது கேமராவே பெருமளவு விழுங்கிவிடும். மிஞ்சுவது கால் அரை மி.மீ.தான், பாக்கெட்டுக்கு அது பெரிதில்லை. அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். உயரத்தை மேலிருந்து பார்க்கும் கேமரா சரிசெய்யாது. வலமிருந்து இடம் வருவதற்குள் 1.3 மி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. மட்டமாகப் போக வேண்டிய பாதை சரிவாகப் போகிறது. எடுக்கும் பக்கம் நசுங்குகிறதென்று எல்லா உயரத்தையும் ஏற்றினால், வைக்கும் பக்கம் பாக்கெட் அந்தரத்திலிருந்து விழும். விழுகிறதென்று இறக்கினால் மறுபடி நசுங்கும். இரண்டு ஷிஃப்டும் சொன்னது உண்மைதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பாதை சரிவாக இருக்கிறது. தட்டு சாய்ந்திருக்கிறதா?

ஜீரோ கோணம் தவறியிருந்தால் தட்டு சாயாது. கை எந்தக் கோணத்தில் நின்றாலும் இணைகரம் இணைகரமாகவே இருக்கும். தட்டு தவறான உயரத்தில் இருக்கும், ஆனால் மட்டமாக இருக்கும். சட்டகமே கோணலாக மாட்டப்பட்டிருந்தால் தட்டும் அதே அளவு சாயும், எந்த இடத்துக்குப் போனாலும் அதே சாய்வு. தண்டுகளில் ஒன்று நீளம் மாறியிருந்தாலோ, பந்து மூட்டின் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்திருந்தாலோ, இணைகரம் இணைகரமாக இருக்காது. அப்போது தட்டு இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் சாயும். மூன்று நோய்க்கும் மேலோட்டமான அறிகுறி ஒன்றுதான். தட்டின் சாய்வுதான் பிரித்துக் காட்டும்.

சோதிக்க அரைமணி நேரம் போதும். ரசமட்டத்தால் மட்டம் பார்த்த ஒரு தட்டையான பலகையைக் கீழே வையுங்கள். கப்பைக் கழற்றிவிட்டு டயல் கேஜைத் தட்டில் பொருத்துங்கள். மிக மெதுவான வேகத்தில் ஒரே உயரத்தைக் கொடுத்து, நடுவழியாக மூன்று மோட்டார்களின் திசையிலும் தட்டை நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் எண்ணைக் குறியுங்கள். எந்த மோட்டாரின் பக்கம் போகப் போகச் சரிவு அதிகமாகத் தெரிகிறதோ அந்த மோட்டார்மேல் சந்தேகம். அதே இடங்களில் தட்டின் மேல் சிறிய டிஜிட்டல் ரசமட்டத்தை வைத்துச் சாய்வையும் எழுதுங்கள். நாங்கள் அளந்தபோது தட்டு எல்லா இடத்திலும் மட்டமாக இருந்தது, 1-ஆம் மோட்டாரை நோக்கிப் பாதை இறங்கிக்கொண்டே போனது. மேல்கையைத் தெரிந்த கோணத்தில் நிறுத்தும் பின்னைப் போட்டு ஜீரோவைப் புதிதாக வைத்தோம். அதன் பிறகு இரண்டு ஷிஃப்டும் மாற்றி மாற்றிப் போட்டிருந்த உயரத் திருத்தங்களை எல்லாம் அழித்தோம். இந்தப் படியை மறந்துவிட்டால் பழைய நோய்க்குக் கொடுத்த மருந்தே புது நோயாகிவிடும். கேமரா பொருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய தவறைத் தன் கணக்குக்குள் அது சேர்த்து வைத்திருக்கிறது.

மூட்டுத் தேய்மானத்தைக் கையாலேயே உணரலாம். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, மோட்டார் பிரேக் பிடித்திருக்கும் நிலையில், தட்டை இரு கையாலும் பிடித்து மெதுவாகத் திருகுங்கள். ஆட்டம் தெரிந்தால் எந்தத் தண்டின் மூட்டில் என்று விரல் வைத்துத் தேடலாம். இரட்டைத் தண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே ஆட்டம் வரும். எதிலாவது மோதியபோது தண்டு கழன்று விழுந்து, யாரோ திரும்ப மாட்டிவிட்டார்கள் என்றால் மேலே சொன்ன அளவெடுப்பை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுவது நல்லது.

பெல்ட் திசையில் தவறினால் வேறு கதை

எல்லாத் தவறுக்கும் கைகளைக் குற்றம் சொல்லவும் கூடாது. கேமரா படம் எடுக்கிறது, பாக்கெட் பெல்ட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது, பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்று என்கோடர் சொல்கிறது. பெல்ட் வேகம் நொடிக்கு 300 மி.மீ. என்றால், படம் எடுத்த நேரத்துக்கும் என்கோடரைப் படித்த நேரத்துக்கும் 10 மில்லி நொடி வித்தியாசம் வந்தாலே 3 மி.மீ. தவறும். அரை டிகிரிக் கோணத் தவறும் ஏறக்குறைய இதே அளவுதான் காட்டும் என்பதால் குழப்பம் எளிதாக வரும்.

பிரித்தறிய வேகத்தைப் பாதியாக்குங்கள். தவறும் பாதியானால் நேரத் தாமதம். வேகத்தைக் குறைத்தும் அதே 3 மி.மீ. நின்றால் பொருத்தத்திலோ கோணத்திலோ பாருங்கள். வேகத்துக்கு மாறாமல், கேமராவிலிருந்து எடுக்குமிடம் தூரமாகத் தூரமாகத் தவறு கூடிக்கொண்டே போனால், ஒரு மி.மீ.க்கு எத்தனை என்கோடர் துடிப்பு என்ற எண் தவறு, அல்லது பெல்ட் வழுக்குகிறது.

வேகத்தை நிறுத்துவது கப்

புதிதாக வருகிறவர்கள் கடைசியில் பார்ப்பதும், நான் சீக்கிரமாகப் பார்க்கச் சொல்வதும் இதுதான். இயந்திரத்தால் முடிகிற வேகத்தைக் கப் தாங்க வேண்டும்.

30 கிராம் பாக்கெட், நொடிக்கு நொடி 100 மீட்டர் முடுக்கம் என்று எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு. பாதித் தூரம் முடுக்கி மீதிப் பாதி நிறுத்தினால் 300 மி.மீ.யை 0.11 நொடியில் கடக்கலாம். நிஜத்தில் அதிர்வு வராமல் இருக்க முனைகளை மழுக்குவதால் இன்னும் கொஞ்சம் கூடும். பாக்கெட்டைப் பக்கவாட்டில் இழுக்கத் தேவையான விசை 3 நியூட்டன். 20 மி.மீ. விட்டமுள்ள கப்பில் 60 கிலோபாஸ்கல் வேக்கம் பிடித்தால் சுமார் 19 நியூட்டன் உறிஞ்சும். பக்கவாட்டில் பாக்கெட்டைக் காப்பது உராய்வு மட்டுமே. அதைப் பாதி என்று வைத்தால் 9.4 நியூட்டன். தேவையைவிட மூன்று மடங்கு. நிம்மதி.

ஆனால் பிஸ்கட் உறையில் மடிப்பு இருக்கிறது. கப்பின் உதடு மடிப்பின்மேல் உட்கார்ந்தால் காற்று கசியும். வேக்கம் 20 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால் கையில் மிஞ்சுவது 3.1 நியூட்டன். தேவை 3. பத்து பாக்கெட்டில் ஒன்பது போகும், ஒன்று நடுவழியில் வழுக்கிக் கோணலாக உட்காரும், இல்லை பறந்துபோகும். உறையில் எண்ணெய் தடம் இருந்தால் உராய்வும் குறையும். பாக்கெட் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். புறப்பட்ட உடனே எடுக்கும் பக்கமோ, நிறுத்தும்போது ட்ரேயைத் தாண்டியோ விழுந்தால் முடுக்கத்தை உராய்வு தாங்கவில்லை. தூக்கும்போதே பெல்ட்டில் தங்கிவிட்டால் கப் தொடவில்லை, அல்லது வேக்கம் ஏறுவதற்குள் கை கிளம்பிவிட்டது.

முதலில் மடிப்பில்லாத இடத்தில் கப் படுமாறு எடுக்கும் புள்ளியை நகர்த்திப் பாருங்கள், உதடு மென்மையான பெல்லோஸ் கப்பைப் போட்டுப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் முடுக்கத்தைக் குறைக்க வேண்டியதுதான். இங்கே உற்பத்தி மேலாளரோடு பேச்சு வரும், அதற்கு எண்களோடு போங்கள். பாக்கெட்டோடு போகும் பயணத்துக்கு மட்டும் முடுக்கத்தை 60-ஆக இறக்கினால், 0.11 நொடி 0.14 ஆகிறது. வெறுங்கையோடு திரும்பும் பயணம் பழைய வேகத்திலேயே இருக்கட்டும். ஒரு சுற்றுக்குக் கூடுவது 32 மில்லி நொடி. சுற்று அரை நொடி என்றால் நிமிடத்துக்கு 120 என்பது 113 ஆகும். பழைய வேகத்தில் நூற்றுக்கு ஐந்து பாக்கெட் சிதறிக்கொண்டிருந்தால் ட்ரேக்குப் போய்ச் சேர்ந்தது 114. குறைந்த வேகத்தில் இழுக்கத் தேவை 1.8 நியூட்டன்தான், மோசமான வேக்கத்திலும் 3.1 கையில் இருக்கிறது. ட்ரேக்குப் போகும் எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், நிமிடத்துக்கு ஆறு பாக்கெட் தரையில் விழாது, அதைப் பொறுக்க யாரும் கூண்டுக் கதவைத் திறந்து லைனை நிறுத்த வேண்டியதில்லை. இந்த இரண்டு வரிசையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கதவு திறந்த ஒவ்வொரு முறையும் லைன் எத்தனை நிமிடம் நின்றது என்ற ஷிஃப்ட் பதிவையும் அதோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.